ரூபாய்க்கு எத்தனை அணா வலி? தாத்தாவின் மாத்திரை, விழுந்த ராத்திரி, பேசாத பேச்சு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடை கொஞ்சம் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

வழக்கமா இங்க சாஃப்ட்வேர், சம்பளம், பெங்களூர் டிராஃபிக்னு பேசுவோம். இன்னைக்கு அது இல்ல. போன வருஷம் ஏழு வாரம் லீவும் வொர்க் ஃப்ரம் ஹோமுமா சுருளிப்பட்டில இருந்தேன். எங்க தாத்தாவுக்கு 78 வயசு. புராஸ்டேட்ல வந்த புற்றுநோய் இடுப்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பரவிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரில, "இனிமே நோயைக் குணப்படுத்த முடியாது, வீட்ல வச்சு நல்லாப் பாத்துக்கங்க"ன்னு அனுப்பினாங்க. எப்படிப் பாத்துக்கிறதுன்னு யாரும் சொல்லல.

அதைச் சொல்லிக் கொடுத்தது வீட்டுக்கு வந்த ஒரு நர்ஸ் அக்கா. தமிழ்நாட்டு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தொடங்கினது. பி.பி., சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தர்ற திட்டம்னுதான் நிறைய பேருக்குத் தெரியும். படுக்கையில இருக்கிறவங்களுக்கு வலி நிவாரண சிகிச்சையும் பிசியோதெரபியும்கூட அதுல உண்டு. அக்கா பேரை நான் சொல்லல, அவங்களே வேண்டாம்னுட்டாங்க. ஆனா நாங்க கேட்ட மூணு கேள்வியையும் அவங்க சொன்ன பதிலையும் அப்படியே சொல்றேன். மூணும் தனித்தனிக் கேள்வின்னுதான் முதல்ல நினைச்சேன். ஒரே கேள்விதான்னு ஒரு ராத்திரி புரிஞ்சது.

முதல் கேள்வி: இவ்வளவு மாத்திரை குடுத்தும் ஏன் வலி போகல?

அக்கா முதல் நாள் வந்தப்போ தாத்தாகிட்ட, "பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள உங்க வலிக்கு எத்தனை மார்க்?"னு கேட்டாங்க. தாத்தா முழிச்சார். வாழ்நாள் முழுக்க திராட்சைப் பந்தலுக்குக் கீழ நின்னவர், அவருக்கு எதுக்கு மார்க்? அக்கா உடனே மாத்திக் கேட்டாங்க: "சரிங்க தாத்தா, முழு ரூபா வலின்னா தாங்கவே முடியாத வலி. இப்ப ரூபாய்க்கு எத்தனை அணா இருக்கு?" யோசிக்கவே இல்ல. "பன்னெண்டு அணா இருக்கு தாயி. திரும்பிப் படுத்தா பதினாலு."

பதினாறுக்குப் பன்னெண்டு. பத்துக்கு ஏழரை. கடுமையான வலி. அவரு கத்தல, அழல. அதனால நாங்க "கொஞ்சம் வலி இருக்கும்போல"ன்னு நினைச்சுட்டு இருந்தோம்.

அப்புறம் என்னென்ன மாத்திரை குடுக்கிறீங்கன்னு கேட்டாங்க. பாராசிட்டமால், டிரமடால். வலி தாங்க முடியாதப்போ கம்பத்துல போய் ஒரு வலி ஊசி. அந்த ஊசி டைக்ளோஃபினாக். வயசானவங்களுக்கு அதை அடிக்கடி போட்டா சிறுநீரகமும் வயிறும் கெடும்னு சொல்லி, அதை முதல்ல நிறுத்தச் சொன்னாங்க. நிறுத்தினதுக்கு இன்னொரு காரணமும் இருந்தது, பின்னாடி சொல்றேன்.

இங்கதான் ஏணி வருது. உலக சுகாதார நிறுவனம் 1986ல புற்றுநோய் வலிக்கு மூணு படி ஏணி ஒண்ணை வெளியிட்டது. முதல் படி பாராசிட்டமால் மாதிரியான சாதாரண மருந்துகள். ரெண்டாம் படி டிரமடால், கோடீன் மாதிரி லேசான ஓபியாய்டு. மூணாம் படி மார்ஃபின். நரம்பு வலி, எலும்பு வலின்னு தனி குணம் இருந்தா எந்தப் படியிலயும் துணை மருந்து சேரும். 2018ல அதே நிறுவனம் புது வழிகாட்டுதல் கொடுத்தப்போ, ஒவ்வொரு படியா ஏறியே ஆகணும்னு இல்ல, வலி கடுமையா இருந்தா நேரா மேல் படியில தொடங்கலாம்னு தெளிவாச் சொல்லிடுச்சு. அதனால பன்னெண்டு அணா வலிக்காரர் ரெண்டாம் படியில உக்காந்து பொறுத்துக்கணும்னு அவசியமே இல்ல.

டாக்டர் மார்ஃபின் எழுதினார். வீடே அலறுச்சு. சித்தப்பா, "அது போதை மருந்துல்ல, கடைசிக் கட்டத்துக்குத்தானே குடுப்பாங்க?"ன்னார். இந்த பயம் சும்மா வரல. 1985ல வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் வச்சிருக்க அத்தனை லைசென்ஸ் வேணும்னு ஆனதால ஆஸ்பத்திரிகளே அதை விட்டுட்டாங்க. ஒரு தலைமுறை டாக்டர்களுக்கே அதைக் குடுத்துப் பழக்கம் இல்லாமப் போச்சு. கேரளாவுல டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் மாதிரி ஆட்கள் வருஷக்கணக்கா போராடித்தான் 2014ல சட்டத்தைத் திருத்தினாங்க. இப்பவும் மெடிக்கல் ஷாப்ல சாதாரணமா கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள்ல இருந்துதான் வாங்கணும்.

குடுக்கிற முறையை அக்கா ஒரு நோட்டுல எழுதிக் காட்டினாங்க. 10 மில்லிகிராம் மாத்திரையை ரெண்டா உடைச்சு, 5 மில்லிகிராம். காலை 6, 10, மதியம் 2, சாயங்காலம் 6. ராத்திரி 10 மணிக்கு மட்டும் ரெண்டு பங்கு, அதாவது 10. அப்பத்தான் நடுராத்திரி 2 மணிக்கு எழுப்ப வேண்டாம். மொத்தம் ஒரு நாளைக்கு 30. இது எங்க தாத்தாவோட எடை, சிறுநீரக ரிப்போர்ட், ஏற்கனவே சாப்பிட்ட டிரமடால் எல்லாம் பாத்து டாக்டர் போட்ட கணக்கு. சிறுநீரகம் சரியில்லாட்டி மார்ஃபினோட கழிவு உடம்புல தேங்கும், அளவையும் இடைவெளியையும் மாத்தணும். ஊசியை நிறுத்தினதுக்கு அதுதான் இன்னொரு காரணம். அதனால இந்தக் கணக்கை யாரும் காப்பி அடிக்காதீங்க.

வலி வந்தப்புறம் குடுக்கக் கூடாது, மணி அடிச்சா குடுக்கணும். என்னோட ஆட்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, எரர் வந்தப்புறம் ஓடுற ஸ்க்ரிப்ட் இல்ல இது, க்ரான் ஜாப். மருந்து வேலை செய்யறது கிட்டத்தட்ட நாலு மணி நேரம். வலி ஏறினப்புறம் அதை இறக்க, ஏறவிடாம வைக்கிறதை விட அதிக மருந்து வேணும்.

நடுவுல வலி எகிறினா? ஒரு நாள் மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு எக்ஸ்ட்ரா குடுக்கலாம். முப்பதுல ஆறுல ஒரு பங்கு 5. குடுத்த நேரத்தை நோட்டுல எழுதணும். ஒரே நாள்ல மூணு தடவை எக்ஸ்ட்ரா தேவைப்பட்டா மொத்தம் 45 ஆச்சு. அப்ப வழக்கமான டோஸ் போதலன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட சொன்னா 5ங்கிறதை 7.5 ஆக்குவார். நோட்டு இல்லாம இந்த முடிவை எடுக்கவே முடியாது.

கூடவே ராத்திரி ரெண்டு பைசகோடில் மாத்திரை. மார்ஃபின் குடுத்தா மலச்சிக்கல் கட்டாயம் வரும். குமட்டலும் தூக்கமும் சில நாள்ல பழகிடும், மலச்சிக்கல் மட்டும் பழகவே பழகாது. முதல் மாத்திரையோடவே பேதி மருந்தும் தொடங்கணும்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் தாத்தா சொன்னது: "நாலணா."

ரெண்டாம் கேள்வி: மார்ஃபின்தானே விழ வச்சது?

நாலாம் நாள் ராத்திரி ரெண்டரை மணிக்கு ஒரு சத்தம். தாத்தா பின்கட்டு நிலைப்படிகிட்ட விழுந்து கிடந்தார். ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கார். எங்க வீட்டுக் கக்கூஸ் கொல்லைல.

நான் ஓடிப் போய் தூக்கப் பாத்தேன். அது தப்பு. விழுந்தவங்களை உடனே தூக்கக் கூடாதுன்னு அக்கா அப்புறம் சொன்னாங்க. முதல்ல பேசறாரா, தலை அடிபட்டுச்சா, ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரை ஏதாவது சாப்பிடறாரான்னு பாக்கணும். அடுத்து ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். ஒரு கால் குட்டையாத் தெரிஞ்சு பாதம் வெளிப்பக்கமா திரும்பிக் கிடந்தா இடுப்பு முறிஞ்சிருக்கலாம். அசைக்காம 108க்குக் கூப்பிடணும். எலும்புக்கு நோய் பரவினவங்களுக்கு லேசா விழுந்தாலே முறியும். சில நேரம் முதல்ல முறிஞ்சு, அதனாலயே விழுவாங்க.

நல்லவேளை, முழங்கையில சிராய்ப்பு மட்டும். ஆனா காலையில குடும்பக் கோர்ட் கூடுச்சு. "அந்த போதை மாத்திரைதான்"னு தீர்ப்பு. நானும் கையெழுத்துப் போட்டேன். மார்ஃபினை நிறுத்தினோம். சாயங்காலம் தாத்தா பதினாலு அணாவுல இருந்தார். சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் "ம்" மட்டும் சொன்னார்.

மறுநாள் அக்கா வந்து யாரையும் திட்டல. எத்தனை மணிக்கு, எங்க போறப்போ, கடைசியா என்ன மாத்திரை சாப்பிட்டாருன்னு கேட்டாங்க. மாத்திரை டப்பாவை எடுத்து கட்டில்ல கொட்டினாங்க. அதுல பாதி காலியான டிரமடால் அட்டை.

"இதை இன்னும் குடுக்கிறீங்களா?"

அப்பத்தா சொன்னாங்க, "ஆமா தாயி, பழைய மாத்திரையோட புதுசையும் சேத்துத்தான் குடுக்கறேன். நிறுத்தச் சொல்லலியே."

ஏணின்னு சொன்னா, மேல் படிக்குப் போறப்போ கீழ்ப்படி காலுக்குக் கீழ இருக்கும்னுதான நினைப்போம்? இந்த ஏணி அப்படி இல்ல. மூணாம் படிக்குப் போனா ரெண்டாம் படி மருந்தை விட்டுடணும். டிரமடாலும் மார்ஃபினும் ஒரே பூட்டுக்கு ரெண்டு சாவி. சேத்துக் குடுத்தா வலி பெருசா குறையாது, மயக்கமும் தலைசுத்தலும்தான் கூடும். கூடவே தொடரலாம்னா அது பாராசிட்டமால் மட்டும், ஏன்னா அது வேற வழியில வேலை செய்யுது. இதை மருந்துச் சீட்டுல யாராவது ஒரு வரி எழுதியிருக்கலாம். நாங்களாவது கேட்டிருக்கலாம்.

ஆனா அதோட முடியல. அக்கா தாத்தாவைப் படுக்க வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு பி.பி. பாத்தாங்க: 130க்கு 80. நிக்க வச்சு ஒரு நிமிஷத்துல பாத்தப்போ 104க்கு 70. நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் எண் 20, இல்லாட்டி கீழ் எண் 10 குறைஞ்சா, எழுந்ததும் ரத்த அழுத்தம் விழுதுன்னு அர்த்தம். இவருக்கு 26 விழுந்திருக்கு. சிறுநீர் சரியாப் போறதுக்குன்னு ராத்திரி டாம்சுலோசின் சாப்பிடறார். பி.பி.க்கு ஆம்லோடிபின். ரெண்டுமே அழுத்தத்தை இறக்கும். அதுக்கு மேல, ராத்திரி கொல்லைக்குப் போக பயந்துகிட்டு சாயங்காலம் நாலு மணிக்கு மேல தண்ணியே குடிக்காம இருந்திருக்கார். உடம்பு வத்திப் போச்சு.

இன்னொரு சோதனையும் செஞ்சாங்க. ஒவ்வொரு காலா தூக்கச் சொல்லி, பாதத்தால தன் கையை அழுத்தச் சொன்னாங்க. மரத்துப் போகுதா, ஒண்ணுக்கு அடைக்குதா, முதுகைச் சுத்தி பட்டை கட்டின மாதிரி புது வலி இருக்கான்னு கேட்டாங்க. முதுகெலும்புல நோய் இருக்கிறவங்களுக்கு தண்டுவடம் நசுங்கினா கால் தளரும், விழுவாங்க. அது இருந்தா அன்னைக்கே க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும். தாமதிச்சா நடை திரும்பாது. தாத்தாவுக்கு கால் பலம் சரியா இருந்தது.

ஆக, விழுந்ததுக்குக் காரணம் ஒண்ணு இல்ல. ரெண்டு மருந்து சேந்த மயக்கம், எழுந்ததும் இறங்கின பி.பி., வத்தின உடம்பு, இருட்டு, அரையடி உயர நிலைப்படி, தடுக்குன வேட்டி. இதுல எதை எடுத்திருந்தாலும் விழாம இருந்திருக்கலாம். நாங்க எடுத்தது, எடுக்கவே கூடாத ஒண்ணை.

டாக்டர்கிட்ட போன்ல பேசினாங்க. டிரமடால் நின்னது. ஆம்லோடிபினையும் அவர் நிறுத்தச் சொன்னார். மார்ஃபின் அதே அளவுல திரும்ப வந்தது. வீட்ல செஞ்சது மொத்தம் ஆயிரம் ரூபாய்க்குள்ள: கட்டில் பக்கத்துல யூரின் பாட்டில், கால் மட்டத்துல ஒரு சின்ன நைட் லேம்ப், நிலைப்படி ஓரத்துல வெள்ளைப் பெயின்ட் பட்டை, வேட்டியை மடிச்சுக் கட்டாம ராத்திரிக்கு ஒரு அரைக்கால் சட்டை, தேஞ்ச ரப்பர் செருப்புக்குப் பதிலா பின்பட்டை வச்ச செருப்பு. கயித்துக் கட்டில் தொய்ஞ்சு தாழ்வா இருந்ததால அடியில பலகை போட்டு உயர்த்தினோம். உக்காந்தா பாதம் முழுசா தரையில படணும், முழங்கால் இடுப்பை விட உயரமா இருக்கக் கூடாது. எழுந்திருக்கும்போது உக்காந்து ஒரு நிமிஷம், பாதத்தை மேலயும் கீழயும் பத்துத் தடவை ஆட்டி, அப்புறம் நிக்கணும். தண்ணியைப் பகல்ல நிறையக் குடிச்சிடணும்.

மார்ஃபின் அதிகமாப் போச்சுன்னு எப்படித் தெரியும்னு சித்தப்பா கேட்டார். தட்டி எழுப்பினாலும் எழாத தூக்கம், கண்மணி குண்டூசித் தலை மாதிரி சுருங்கறது, கை கால் திடீர் திடீர்னு துள்ளறது, மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்குக் கீழ போறது. இதுல எது வந்தாலும் அடுத்த டோஸ் குடுக்காம கூப்பிடணும். முதல் ரெண்டு மூணு நாள் வர்ற சாதாரணத் தூக்கம் வேற. வலியில பல வாரம் தூங்காதவர் தூங்கறார், அவ்வளவுதான்.

மூணாம் கேள்வி: அவர்கிட்ட சொல்லணுமா?

அப்பா ஆரம்பத்துலயே அக்காவை வாசல்ல நிறுத்திச் சொல்லிட்டார்: "அவருக்கு கேன்சர்னு தெரியாது. தெரிஞ்சா உடைஞ்சிடுவார். நீங்க சொல்லிடாதீங்க."

அக்கா, "நானா எதையும் சொல்ல மாட்டேண்ணே. ஆனா அவர் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன்"னாங்க. அதோட அப்பாகிட்ட, "அவர் உடைஞ்சிடுவார்னு பயப்படறீங்க. நீங்க எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டாங்க. அப்பா பதில் சொல்லாம பந்தல் பக்கம் நடந்து போயிட்டார்.

விழுந்ததுக்கு ஒரு வாரம் கழிச்சு, வலி மூணணாவுல இருந்த ஒரு காலையில, அக்கா தாத்தா பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தாங்க. வலியில இருக்கிறவர்கிட்ட இந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாதாம். அப்ப அவருக்கு வேண்டியது மருந்து மட்டும்தான்.

"தாத்தா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?"

தாத்தா என்னையும் பாத்துட்டு மெதுவாச் சொன்னார். "இது திரும்பி வராத வண்டின்னு தெரியும் தாயி. அந்தப் பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல போர்டுலயே எழுதியிருக்கே, நான் என்ன படிக்கத் தெரியாதவனா? மகன்கிட்ட சொல்லிடாத. அவன் தாங்க மாட்டான்."

ரெண்டு பேரும் ஒரே ரகசியத்தை ஒருத்தருக்கொருத்தர் மறைச்சுக்கிட்டு இருந்திருக்காங்க, நாலு மாசமா.

அக்கா உடனே ஆறுதல் சொல்லல. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாங்க. அப்புறம் கேட்டது மூணே விஷயம்: இதுல எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படறீங்க, எதை நினைச்சு பயமா இருக்கு, எது நடக்கணும், எது நடக்கவே கூடாது. சாவுக்கு பயமில்ல, வலிக்கும் மூச்சு முட்டறதுக்கும்தான் பயம்னார். குழாய் சொருகி ஐ.சி.யூ.ல படுக்க வைக்கக் கூடாது, இந்தத் திண்ணையிலயே இருக்கணும்னார். "மகனையும் உக்கார வச்சுப் பேசலாமா?"ன்னு அனுமதி கேட்டாங்க. தலையாட்டினார். அன்னைக்கு மதியம் அப்பாவும் தாத்தாவும் பேசினதை நான் ரெக்கார்ட் பண்ணல, சொல்லவும் போறதில்ல.

இதை எழுதி வைக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. 2018 மார்ச் 9 அன்னைக்கு காமன் காஸ் வழக்குல உச்ச நீதிமன்றம் அனுமதிச்சது. 2023 ஜனவரில நடைமுறையைச் சுலபமாக்கி, ரெண்டு சாட்சிகளோட நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டாப் போதும்னு ஆக்கினாங்க. தாத்தா அதை எழுதல. ஆனா சித்தப்பா, அத்தை எல்லாரும் அவர் வாயாலயே கேட்டுக்கிட்டாங்க. கடைசி நேரத்துல வெளியூர்ல இருந்து வர்ற ஒரு சொந்தக்காரர் "இப்படியா போட்டு வச்சிருக்கீங்க, தூக்குங்கப்பா ஆஸ்பத்திரிக்கு"ன்னு சத்தம் போடுவார்னு அக்கா முன்னாடியே எச்சரிச்சிருந்தாங்க. சொன்ன மாதிரியே ஒருத்தர் வந்தார். அப்பத்தா பதில் சொன்னாங்க: "அவரே சொல்லிட்டாரு. உக்காரு."

கடைசி நாட்கள் எப்படி இருக்கும்னும் அக்கா முன்கூட்டியே சொல்லிட்டாங்க. சாப்பாடு குறையும். சாப்பிடாததால சாகல, சாவு நெருங்கறதால பசி போகுது. கட்டாயப்படுத்தி ஊட்டினா புரை ஏறும். தொண்டையில கரகரன்னு சத்தம் வரும். கேக்கிற நமக்குத்தான் கஷ்டம், ஒருக்களிச்சுப் படுக்க வச்சாக் குறையும். மூச்சு விட்டு விட்டு வரும். மாத்திரை முழுங்க முடியாதப்போ வலி மருந்தை நிறுத்தக் கூடாது, தோலுக்கு அடியில ஊசியா மாத்தலாம், அதனால அந்த நாளே கூப்பிடணும்.

அப்பத்தா தயங்கித் தயங்கிக் கேட்டாங்க, "பால் ஊத்தலாமா தாயி?" எங்க பக்கம் கடைசியா பால் ஊத்தாம விடறது பெரிய குறை. அக்கா வேண்டாம்னு சொல்லல. "ஊத்தாதீங்க அம்மா. பஞ்சை நனைச்சு உதட்டைத் துடைங்க. நாக்கு நனைஞ்சாப் போதும்"னாங்க.

அப்படித்தான் செஞ்சோம். ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலைல, திண்ணையில, பன்னீர் திராட்சைப் பந்தல் கண்ணுல படற பக்கமா. நோட்டுல கடைசி வரி என் கையெழுத்துல இருக்கு. நேரம் 10.00, அளவு 10, வலி ஓரணா.

உங்க வீட்ல யாராவது இந்த நிலைமைல இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒண்ணு மட்டும் செய்யுங்க. மாத்திரை டப்பாவைக் கட்டில்ல கொட்டி, எது எதுக்குன்னு ஒரு தாள்ல எழுதி, அடுத்த தடவை நர்ஸோ டாக்டரோ வர்றப்போ நீட்டுங்க. அடுத்த வாரம் வழக்கமான விஷயத்தோட வர்றேன்.